அத்தியாயம் 7: ஆஃபர் கடிதத்தில் உள்ள கிரேடு: கேட்க வேண்டியதும் கேட்கும் விதமும்

பாரத ஸ்டேட் வங்கியில் ‘மேனேஜர்’ என்றால் அவர் ஸ்கேல் 3 அதிகாரி. இந்தியன் வங்கியிலும் கனரா வங்கியிலும் அதே பெயரில் இருப்பவர் ஸ்கேல் 2 அதிகாரி. அங்கே ஸ்கேல் 3-ல் இருப்பவரை ‘சீனியர் மேனேஜர்’ என்பார்கள். ஸ்டேட் வங்கியின் ஸ்கேல் 2 அதிகாரிக்கோ ‘டெபுடி மேனேஜர்’ என்று பெயர். பெயரை மட்டும் கேட்டால் யார் மேல், யார் கீழ் என்று குழப்பம்தான். ஆனால் வங்கிக்காரர்கள் குழம்புவதில்லை. “எந்த ஸ்கேல்?” என்று ஒரே கேள்வி கேட்டு முடித்துவிடுவார்கள். பொதுத்துறை வங்கிகளில் ஸ்கேல் 1-ல் தொடங்கும் வரிசை எல்லாருக்கும் தெரிந்தது.

தனியார் நிறுவனத்தில் அந்த வசதி கிடையாது. சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சென்னை மையத்துக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் வந்த ஆஃபர் கடிதத்தில் ‘லீட் இன்ஜினியர், கிரேடு 7’ என்று இருக்கிறது. லீட் என்ற சொல்லைப் பார்த்து மகிழ்ச்சி. 7 என்ற எண் உயரமா, தாழ்வா? அவருக்குத் தெரியாது. பெரும்பாலானோர் அதைக் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கேட்பது எப்படி, வரும் பதிலை வைத்து என்ன செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கடிதத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்

ஆஃபர் கடிதத்தில் உங்கள் நிலையைச் சொல்லும் இரண்டு குறிப்புகள் இருக்கும். ஒன்று டெசிக்னேஷன், அதாவது பதவிப் பெயர். இது வழக்கமாக முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கும். மற்றொன்று கிரேடு. இதையே சில இடங்களில் பேண்ட் என்பார்கள், சில இடங்களில் லெவல் அல்லது ஜாப் லெவல் என்பார்கள். இது பல கடிதங்களில் பின்னால் இணைத்திருக்கும் சம்பள அனெக்சரின் தலைப்பில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். சில கடிதங்களில் இருக்கவே இருக்காது. இல்லை என்பதற்காக உங்களுக்குக் கிரேடே கிடையாது என்று நினைக்க வேண்டாம். நிறுவனத்தின் மனிதவள மென்பொருளில் ஏதோ ஒரு கிரேடு போட்டுத்தான் உங்கள் பெயரை ஏற்றுவார்கள்.

எண்ணைப் பார்த்ததும் முடிவுக்கு வரக் கூடாது. பெரும்பாலான இடங்களில் எண் கூடினால் நிலை உயர்கிறது. அக்சென்சரில் நேர்மாறு: எண் குறையக் குறைய நிலை உயரும். அங்கே லெவல் 7-ல் இருப்பவர் லெவல் 9-ல் இருப்பவருக்கு மேல். ஆகவே பழைய நிறுவனத்தில் 5, புதியதில் 7, இரண்டு படி ஏறிவிட்டோம் என்ற கணக்குக்கு அர்த்தம் இல்லை. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

கிரேடு எங்கிருந்து வருகிறது

பெரிய நிறுவனங்களில் கிரேடு ஆளைப் பார்த்து முடிவாவதில்லை, அந்த வேலையைப் பார்த்து முடிவாகிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு அறிவு தேவை, எந்த அளவு சிக்கலான பிரச்சினைகளைத் தீர்க்க வேண்டும், முடிவுகளின் விளைவுக்கு எவ்வளவு பொறுப்பு என்று பிரித்துப் புள்ளி போடும் முறைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் எட்வர்ட் ஹே உருவாக்கிய முறை இவற்றில் புகழ்பெற்றது. அவருடைய ஹே குழுமத்தை 2015-ல் கோர்ன் ஃபெரி நிறுவனம் வாங்கியது. மெர்சர் போன்ற ஆலோசனை நிறுவனங்களுக்கும் தனித்தனி முறைகள் உண்டு. புள்ளிகளின் கூட்டுத்தொகை எந்த வரம்புக்குள் விழுகிறதோ அதுவே அந்த வேலையின் கிரேடு.

இது தெரிந்திருப்பதால் உங்களுக்கு ஒரு பயன் உண்டு. ஆள் எடுக்கும் மேலாளர் ஓர் இடத்துக்கு அனுமதி கேட்கும்போதே அதன் கிரேடும் அதற்கான பட்ஜெட்டும் சேர்ந்துதான் ஒப்புதலாகின்றன. நீங்கள் நேர்முகத்துக்குப் போகும் முன்பே உங்கள் கிரேடு ஏறத்தாழ முடிவாகிவிட்டது. சில இடங்களில் ‘7 அல்லது 8’ என்று இரண்டு கிரேடுக்கு அனுமதி வாங்கி, நேர்முகத்தில் கிடைத்த மதிப்பெண்ணைப் பார்த்து எதில் வைப்பது என்று தீர்மானிப்பார்கள். ஆகவே கிரேடு மாற வாய்ப்பு உண்டா என்பது பெரும்பாலும் அந்த அனுமதி எப்படி வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

பதவிப் பெயர் இவ்வளவு கண்டிப்பான விஷயம் இல்லை. வாடிக்கையாளர் முன் மரியாதையாக இருக்கட்டும் என்பதற்காகப் பெயரை உயர்த்துவது உண்டு. வெளிநாட்டு முதலீட்டு வங்கிகளில் அனலிஸ்ட், அசோசியேட் ஆகியவற்றுக்கு அடுத்த படியே வைஸ் பிரெசிடென்ட். அந்த வங்கிகளின் சென்னை மையங்களில், தனக்குக் கீழ் ஒருவர்கூட இல்லாமல் நாள் முழுக்கக் கோடு எழுதும் வைஸ் பிரெசிடென்ட்கள் இருக்கிறார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தத் துறையின் வழக்கம் அது.

கிரேடு எதையெல்லாம் தீர்மானிக்கிறது

ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு: கீழ் எல்லை, நடுப்புள்ளி, மேல் எல்லை. அடுத்தடுத்த கிரேடுகளின் வரம்புகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். அதனால் ஒரே சம்பளத்தில் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு கிரேடில் இருக்கலாம். ஆண்டு ஊதிய உயர்வின் சதவீதம், வேரியபிள் எனப்படும் செயல்திறன் ஊதியத்தின் சதவீதம், பல இடங்களில் நோட்டீஸ் காலம், மருத்துவக் காப்பீட்டுத் தொகை, பங்கு ஒதுக்கீட்டுக்குத் தகுதி என்று பலவும் கிரேடை ஒட்டியே அமைகின்றன. உள்ளே வேறு பிரிவுக்கு மாற விண்ணப்பித்தாலும் முதலில் பார்ப்பது கிரேடைத்தான்.

பதவிப் பெயர் இவற்றில் எதையும் தீர்மானிப்பதில்லை. லிங்க்ட்இன் பக்கத்திலும் வாடிக்கையாளர் கூட்டத்திலும் அடுத்த வேலைக்கான தன்விவரக் குறிப்பிலும்தான் அதன் பலன் தெரியும்.

ஒரு கணக்கு

மேலே சொன்ன லீட் இன்ஜினியரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு நிலையான சம்பளமாக ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் பேசியிருக்கிறார்கள். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறை மட்டும் நடைமுறையில் உள்ளதே.

கிரேடு 7-ன் வரம்பு 16 முதல் 26 லட்சம், நடுப்புள்ளி 21. கிரேடு 8-ன் வரம்பு 22 முதல் 36 லட்சம், நடுப்புள்ளி 29. சம்பளத்தை நடுப்புள்ளியால் வகுத்தால் வருவதை மனிதவளத் துறையினர் காம்பா-ரேஷியோ என்பார்கள். கிரேடு 7-ல் இவருடையது 24-ஐ 21-ஆல் வகுக்க 1.14. கிரேடு 8-ல் வைத்திருந்தால் 24-ஐ 29-ஆல் வகுக்க 0.83.

பல நிறுவனங்களில் ஊதிய உயர்வுக்கு ஒரு கட்டம் போட்ட அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் செயல்திறன் மதிப்பீடு, மறுபக்கம் காம்பா-ரேஷியோ. நடுப்புள்ளிக்குக் கீழே இருப்பவருக்குக் கூடுதல் சதவீதம், மேலே இருப்பவருக்குக் குறைந்த சதவீதம் என்பது அதன் அடிப்படை. ஒரே மதிப்பீடு பெற்றாலும் 1.14-ல் இருப்பவருக்கு 5 சதவீதமும் 0.83-ல் இருப்பவருக்கு 9 சதவீதமும் கிடைக்கிறது என்று கொள்வோம். வேரியபிள் கிரேடு 7-ல் 10 சதவீதம், கிரேடு 8-ல் 15 சதவீதம். சம்பள வரம்புகளும் ஆண்டுதோறும் ஓரளவு உயரும் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு உயர்வுகளுக்குப் பிறகு கிரேடு 7-ல் நிலையான சம்பளம் 26.46 லட்சம், வேரியபிளையும் முழுதாகச் சேர்த்தால் சுமார் 29.1 லட்சம். கிரேடு 8-ல் நிலையான சம்பளம் 28.51 லட்சம், வேரியபிளோடு சுமார் 32.8 லட்சம். சேரும் நாளில் இரண்டு கிரேடிலும் நிலையான சம்பளம் 24 லட்சம்தான். மூன்றாம் ஆண்டில் வித்தியாசம் ஏறத்தாழ 3.7 லட்சம். பதவிப் பெயர் இரண்டு கடிதத்திலும் லீட் இன்ஜினியராகவே இருந்திருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிரேடு 7-ன் வரம்பு உயராமல் நின்றுவிட்டால் இவர் இரண்டாவது உயர்விலேயே 26 லட்சம் என்ற மேல் எல்லையில் முட்டிக்கொள்வார். அதன் பிறகு பதவி உயர்வு வந்தால்தான் சம்பளம் நகரும். சில நிறுவனங்கள் எல்லைக்கு மேல் வரும் தொகையை அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்காமல், அந்த ஆண்டுக்கு மட்டும் மொத்தமாகக் கொடுத்துவிடும்.

கிரேடு உயர்ந்தால் எல்லாமே லாபம் என்றும் சொல்ல முடியாது. செயல்திறன் மதிப்பீட்டை ஒரே கிரேடில் உள்ளவர்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள். கிரேடு 8-ல் பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள் இருந்தால், புதிதாக வந்தவர் முதல் ஆண்டில் குறைந்த மதிப்பீடு வாங்க வாய்ப்பு அதிகம். கிரேடு 7-ல் வலுவாகத் தொடங்கிச் சீக்கிரம் உயர்வு வாங்குவது சிலருக்கு நல்ல வழிதான். ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

எப்போது, யாரிடம்

ஆஃபர் கைக்கு வந்ததற்கும் ‘ஏற்கிறேன்’ என்று பதில் அனுப்புவதற்கும் இடையில் இருக்கும் சில நாட்களே இதற்கான நேரம். அதற்குள் கிரேடை மாற்ற வேண்டுமென்றால் ரெக்ரூட்டர் மறுபடி ஒப்புதல் வாங்கினால் போதும். சேர்ந்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் அது பதவி உயர்வு. அதற்கென்று ஆண்டுச் சுற்று, குறைந்தபட்சப் பணிக்காலம், குழு ஒப்புதல் எல்லாம் உண்டு.

இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். கேள்விகள் வேறுவேறு. கிரேடின் எண், வரம்பு, சலுகைகள் பற்றி ரெக்ரூட்டரிடம் கேளுங்கள். அந்தக் கிரேடில் உள்ளவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆள் எடுக்கும் மேலாளரிடம் கேளுங்கள். சம்பள வரம்பை மேலாளரிடம் கேட்டால் அவருக்குச் சங்கடம். வேலையின் தன்மையை ரெக்ரூட்டரிடம் கேட்டால் விளம்பரத்தில் இருந்ததையே வாசித்துக் காட்டுவார்.

முதலில் தொலைபேசி, பிறகு மின்னஞ்சல் என்பது நல்ல வரிசை. பேச்சில் மனம் திறந்து சொல்வார்கள். எழுத்தில் இருந்தால்தான் பின்னால் உதவும். பேச்சு இப்படிப் போகலாம்:

“மேடம், ஆஃபர் லெட்டர் பார்த்தேன், ரொம்ப நன்றி. அக்செப்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம் வேணும். கிரேடு 7-ன்னு போட்டிருக்கு. உங்க கம்பெனியில அது எந்த இடத்துல வருதுன்னு சொல்ல முடியுமா?”

“அது எங்க இன்டர்னல் கிரேடுங்க. உங்க டெசிக்னேஷன் லீட் இன்ஜினியர்தான்.”

“சரிங்க மேடம். லீட் இன்ஜினியர்ங்கிற பேருல எல்லாருமே கிரேடு 7-லதான் இருக்காங்களா, இல்ல 8-லயும் இருக்காங்களா?”

“ரெண்டுலயும் இருக்காங்க.”

“அப்போ என்னை 7-ல வெச்சதுக்குக் காரணம் தெரிஞ்சா நல்லா இருக்கும். அப்புறம், இப்ப பேசியிருக்கற சம்பளம் அந்த கிரேடோட ரேஞ்ச்ல நடுவுக்கு மேலயா, கீழயா?”

அவருடைய கேள்விகளில் குறை சொல்வதும் இல்லை, பேரமும் இல்லை. ஒரே பெயருக்குள் இரண்டு கிரேடு இருக்கிறது என்ற உண்மை மட்டும் வெளியே வந்துவிட்டது. சம்பள வரம்பின் எண்களைச் சொல்லத் தயங்குபவர்கள்கூட ‘நடுவுக்கு மேலயா, கீழயா’ என்றால் பதில் சொல்லிவிடுவார்கள்.

பேசி முடித்த அன்றே சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அலுவலக வழக்கப்படி அது ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் இவ்வளவு போதும்: இன்று பேசியதற்கு நன்றி, நான் புரிந்துகொண்டபடி என் கிரேடு 7, அதற்கு அடுத்தது 8, வேரியபிள் 10 சதவீதம், அது நிலையான சம்பளத்துக்கு மேல் வருவது, நோட்டீஸ் காலம் 90 நாள், கிரேடு 8-க்குப் பரிசீலிக்கக் குறைந்தபட்சம் எத்தனை மாதம் பணி தேவை என்பதைத் தெரிவிக்கவும், இவற்றில் தவறு இருந்தால் திருத்தவும்.

மேலாளரிடம் ஒரே கேள்வி போதும்: “சார், உங்க டீம்ல கிரேடு 7-ல இருக்கறவங்களும் 8-ல இருக்கறவங்களும் செய்யற வேலையில என்ன வித்தியாசம்?” அவர் தெளிவாகப் பிரித்துச் சொன்னால், உங்களுக்குக் கொடுக்கப்போகும் பொறுப்பு அந்த இரண்டில் எதில் விழுகிறது என்று நீங்களே கண்டுகொள்ளலாம். கிரேடு 8-ன் வேலையைச் சொல்லி கிரேடு 7-ல் எடுக்கிறார்கள் என்றால் பேசுவதற்கு உங்களிடம் வலுவான காரணம் இருக்கிறது.

வரும் பதில்களைப் படிப்பது

“அது ரகசியம், வெளியே சொல்ல மாட்டோம்.” வரம்பின் எண்கள் ரகசியமாக இருக்கலாம், அது நியாயமே. வரிசையில் உங்கள் இடம் ரகசியமாக இருக்கத் தேவையில்லை. எனக்கு மேல் எத்தனை கிரேடு, நான் ரிப்போர்ட் செய்யப்போகிறவர் எந்தக் கிரேடு என்று கேளுங்கள். மேலாளரே உங்களுக்கு ஒரே ஒரு படி மேல் என்றால், அந்தக் குழுவுக்குள் உங்கள் அடுத்த உயர்வுக்கு இடம் குறைவு.

“எங்களிடம் கிரேடே கிடையாது.” சிறிய நிறுவனங்களில் இது உண்மையாக இருக்கும். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் இப்படிச் சொன்னால், வேரியபிள் சதவீதமும் காப்பீட்டுத் தொகையும் எதை வைத்து முடிவாகின்றன என்று கேளுங்கள். அந்தப் பதிலில் கிரேடு வேறு பெயரில் வெளியே வரும்.

“சேர்ந்த ஆறு மாதத்தில் ரிவ்யூ செய்து 8 ஆக்கிவிடலாம்.” இதை எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த வாக்குக்கு மதிப்புக் கொடுக்காமல் முடிவெடுங்கள். சொன்ன மேலாளர் பொய் சொல்கிறார் என்று பொருள் இல்லை. ஆறு மாதத்தில் அவரே வேறு பிரிவுக்குப் போயிருக்கலாம். அதோடு ஒரு கட்-ஆஃப் தேதியையும் விசாரியுங்கள். ஏப்ரலில் உயர்வு கொடுக்கும் பல நிறுவனங்களில், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களை அந்தச் சுற்றில் சேர்ப்பதில்லை. நோட்டீஸ் காலம் முடிந்து நீங்கள் ஜனவரியில் சேர்ந்தால், முதல் உயர்வுக்கே ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேரலாம்.

கிரேடு பொருந்தவில்லை என்றால்

முதலில் கிரேடையே கேளுங்கள். “இந்தப் பொசிஷன் 7-க்கு மட்டும்தான் அப்ரூவ் ஆகியிருக்கா, 8-க்கும் அப்ரூவல் இருக்கா?” என்ற கேள்வியில் நிலைமை தெரிந்துவிடும். இரண்டுக்கும் அனுமதி இருந்தால், மேலாளர் ஒரு வார்த்தை சொன்னாலே ரெக்ரூட்டர் முயல்வார். நேர்முகத்தில் நீங்கள் காட்டிய பெரிய பொறுப்புகளை நினைவூட்டுங்கள். குழு வழிநடத்தியது, வடிவமைப்பு முடிவுகளை எடுத்தது, வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசியது போன்றவை. வேலையை வைத்துத்தான் கிரேடு என்பதால், அனுபவ ஆண்டுகளைவிட இவைதான் எடுபடும்.

ஒரே கிரேடுக்கு மட்டும் அனுமதி என்றால் அதை மாற்றுவது கடினம். புதிய அனுமதி, புதிய பட்ஜெட், பல வாரத் தாமதம். அப்போது பேச்சைப் பணத்தின் பக்கம் திருப்பலாம். ஆனால் கிரேடு 7-ல் ஏற்கெனவே மேல் எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு நிலையான சம்பளத்தைக் கூட்ட அங்கேயும் இடம் இருக்காது. சேரும்போது ஒருமுறை தரும் ஜாயினிங் போனஸைக் கேட்பது எளிது. அது சம்பள வரம்பைத் தொடாது. முன்கூட்டியே விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் ரெக்ரூட்டர் தானாகவே பதவிப் பெயரை உயர்த்தித் தருவதாகச் சொல்லலாம். லீட் இன்ஜினியருக்குப் பதில் சீனியர் லீட். நிறுவனத்துக்கு அதில் செலவே இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. கிரேடுக்கு ஈடாக அதை எண்ண வேண்டாம்.

பதவிப் பெயருக்கு எடை உள்ள இடங்கள்

கிரேடு வெளியே யாருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டில் வேறு நிறுவனத்துக்குப் போகும் எண்ணம் இருப்பவருக்கு, அடுத்த நேர்முக அழைப்பைக் கொண்டுவருவது பதவிப் பெயர்தான். கிரேடே இல்லாத ஸ்டார்ட்அப்பிலும் பெயர்தான் உங்கள் பொறுப்பைச் சொல்லும் ஒரே எழுத்து.

இதில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். சில நிறுவனங்களில் இரண்டு பெயர்கள் உண்டு. மின்னஞ்சல் கையொப்பத்தில் போட்டுக்கொள்ளும் பெயர் ஒன்று, மனிதவளப் பதிவில் உள்ள பெயர் ஒன்று. வேலையை விடும்போது ரிலீவிங் கடிதத்தில் வருவது பொதுவாகப் பதிவில் உள்ள பெயர். அடுத்த நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பு செய்யும்போது கிடைப்பதும் அதுவே. தன்விவரக் குறிப்பில் ‘சீனியர் லீட்’ என்றும் ரிலீவிங் கடிதத்தில் ‘இன்ஜினியர் கிரேடு 7’ என்றும் இருந்தால் விளக்கம் கேட்பார்கள். “சர்வீஸ் சர்டிஃபிகேட்ல எந்த டெசிக்னேஷன் வரும்?” என்று ஆஃபர் நிலையிலேயே கேட்டுவிடுங்கள்.

மொத்தத்தில், மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கப்போகும் பெரிய நிறுவனம் என்றால் கிரேடுக்கு முதலிடம் கொடுங்கள். சீக்கிரம் மாறப்போகிறீர்கள் என்றாலோ, சிறிய நிறுவனம் என்றாலோ, பதிவில் ஏறும் பதவிப் பெயரைப் பாருங்கள். எதுவானாலும் கிரேடு என்ன, அதற்கு மேல் என்ன, சம்பளம் அதன் நடுவுக்கு எந்தப் பக்கம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராமல் ‘ஏற்கிறேன்’ என்று அனுப்பாதீர்கள். இதைப் பணிவாகக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் நிறுவனம் என்றால், அங்கே சேராமல் இருப்பதே நல்லது.